ஆறு மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பாட்டு கேட்பவர்கள் பாதி, பயணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பாதி. கிள்ளானிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, கடப்பிதழ் ஜூன் வரைக்கும் இருக்கு. டிசம்பர்ல சென்னை போகலாம்தானே?"

அவர் சொன்ன தேதிகளையே வைத்துப் பார்ப்போம். 2026 டிசம்பர் 20 அன்று சென்னையில் இறங்குகிறார். கடப்பிதழ் 2027 ஜூன் 5 அன்று முடிகிறது. இந்தியாவின் இ-விசா விதிப்படி, நாம் அங்கே போய்ச் சேரும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். அதாவது 2027 ஜூன் 20 வரை. அவருக்கு 15 நாள் குறைகிறது. பயணம் இரண்டு வாரம்தான் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இதே கடப்பிதழோடு அவர் பாரிஸ் போகிறார் என்று வையுங்கள். ஷெங்கன் நாடுகள் கேட்பது, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம். ஜனவரி 3 அன்று கிளம்பினால் ஏப்ரல் 3 வரை இருந்தால் போதும். ஜூன் 5 தாராளம். தென்னாப்பிரிக்கா கேட்பது, கிளம்பிய பிறகு 30 நாள். ஜப்பானுக்கோ தங்கியிருக்கும் நாள்வரை செல்லுபடியானால் சரி. ஆகவே "ஆறு மாதம் இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். எத்தனை மாதம் என்பதோடு, போய்ச் சேரும் நாளிலிருந்தா, கிளம்பும் நாளிலிருந்தா என்பதையும் கேட்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது 5 ஆண்டுக் கடப்பிதழ். ஆறு மாதம் கேட்கும் நாட்டுக்குப் போகிறவருக்கு அது நாலரை ஆண்டுக் கடப்பிதழ்தான். குடும்பமாகப் போகும்போது ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பாருங்கள். அப்பா போன வருடம் புதுப்பித்திருப்பார், கடைக்குட்டியின் கடப்பிதழை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது வெற்றுப் பக்கம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்தியா குடிநுழைவு முத்திரைக்காக 2 வெற்றுப் பக்கங்கள் கேட்கிறது, தென்னாப்பிரிக்காவும் அப்படியே. நம் நாட்டுத் தானியங்கி வாயில்கள் முத்திரை குத்துவதில்லை என்பதால், பக்கம் தீர்வதே நமக்குத் தெரிவதில்லை. ஆனால் புக்கிட் காயூ ஹீத்தாம் வழியாக அடிக்கடி ஹாட்யாய் போய் வருகிறவர்களின் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு முத்திரை, அதுவும் நட்டநடுவில்! மூலையில் ஒரே ஒரு முத்திரை இருந்தாலும் அது வெற்றுப் பக்கம் ஆகாது. விசாவுக்கென ஒதுக்கப்பட்ட பக்கங்களை மட்டும் எண்ணுங்கள். குறிப்புகளுக்கான பக்கம் காலியாக இருந்தாலும் அதைச் சேர்க்க வேண்டாம்.

இதையெல்லாம் முதலில் பார்ப்பது சென்னை அதிகாரி அல்ல, கேஎல்ஐஏ முகப்பில் இருக்கும் விமான நிறுவன ஊழியர். உள்ளே விடப்படாத பயணியைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் அவர்கள் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் நம் குடியுரிமை, போகும் நாடு, இடையில் இறங்கும் நாடு மூன்றையும் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் ஒத்துவராவிட்டால், அங்கே நின்று கெஞ்சிப் பயனில்லை. டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்பாது.

இடையில் இறங்கும் நாடு என்றேனே, அங்கே ஒரு சிக்கல் உண்டு. மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து சிங்கப்பூரில் மாறுகிறீர்கள். பையை வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமானால், நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும். அப்போது சிங்கப்பூரின் 6 மாத விதியும் உங்களுக்குப் பொருந்தும், கடைசியாகப் போகும் நாட்டில் விதி தளர்வாக இருந்தாலும்.

கிள்ளான் அம்மாவிடம் நான் சொன்னது, டிக்கெட் எடுக்கும் முன் கடப்பிதழைப் புதுப்பியுங்கள் என்பதுதான். பெரியவர்களுக்கு 200 ரிங்கிட். குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, பிறகு அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். பக்கம் தீர்ந்தவர்களுக்கும் இதுவே வழி. புதிய கடப்பிதழுக்குப் புதிய எண் என்பதால், விசா விண்ணப்பத்தை அது கைக்கு வந்தபிறகே போடுங்கள். இ-விசா அந்த எண்ணோடு பிணைக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் பயண முகவர் மூலம் டிக்கெட் எடுத்தவர்கள், புதிய எண்ணை அவரிடமும் சொல்லிவிடுங்கள். செல்லுபடியாகும் இந்திய விசா பழைய கடப்பிதழில் இருந்தால், வெட்டிய மூலையோடு அதையும் பையில் எடுத்துச் செல்ல வேண்டும்.