கலியாணக் கார்ட்: எது முதலாம் இடம், எது கடைசி இடம்?



பாடசாலை விடுமுறை வந்தால் எங்கள் ஊரில் கலியாணக் கார்ட்களும் வரிசையாக வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றை நாங்கள் சில ஆசிரியர்கள் மேசையில் பரப்பி வைத்து, வினாத்தாள் திருத்துவது போல் வரிசைப்படுத்திப் பார்த்தோம். அழகுக்குப் புள்ளி இல்லை. பார்த்தது மூன்றே விடயங்கள்: விபரம் வாசிக்க முடிகிறதா, பேசும் தொனி எங்கள் வீட்டுக் கலியாணத்துக்குப் பொருந்துகிறதா, அச்சகத்தில் பழுதில்லாமல் வருமா.

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். எங்கள் மஹல்லாவில் ஒரு மூத்தம்மா நிக்காஹ் நாளையும் வலீமா நாளையும் மாற்றி வாசித்து, பேத்தி முறையான பிள்ளையின் நிக்காஹ்வைத் தவறவிட்டுவிட்டார். இரண்டு திகதியும் ஒரே பெட்டிக்குள் ஒரே அளவு சின்ன எழுத்தில் இருந்தன. அவர் கண்ணில் பிழை இல்லை. பிழை கார்ட்டில்.

கடைசி இடத்திலிருந்து வருவோம்.

5. கறுப்பு, மெரூன் மட்டையில் தங்க எழுத்து

கையில் எடுத்தால் ராஜ வீட்டுக் கார்ட் மாதிரி இருக்கும். ஆனால் தங்க எழுத்து மையால் வருவதில்லை. எழுத்துக்கு அச்சுத் தகடு செய்து, அதைச் சூடாக்கி, தங்கத் தாளை மட்டையில் அழுத்தி ஒட்டவைப்பார்கள். பெரிய எழுத்தில் இது நன்றாக வரும். சின்னத் தமிழ் எழுத்தில், ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் தங்கத்தால் அடைபடும், மெய்யெழுத்தின் புள்ளி ஒட்டாமல் விழும். புள்ளி விழுந்தால் பெயரே மாறி வாசிக்கப்படும். ஆங்கிலத்துக்குப் பொருந்தும் டிசைன் தமிழுக்குப் பொருந்தாமல் போவது இங்குதான்.

இன்னொன்று, கட்டாரில் இருக்கும் மாமாவுக்கு நாம் கார்ட்டைப் போனில் படம் எடுத்துத்தானே அனுப்புகிறோம்? தங்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். படத்தில் திகதி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பளிச்சுதான் இருக்கும். இந்த வகையே வேண்டும் என்பவர்கள் மணமக்கள் பெயரை மட்டும் தங்கத்தில் போட்டு, மற்ற விபரத்தை வெளிர் தாளில் சாதாரண மையில் அடித்து உள்ளே வையுங்கள்.

4. பூவேலை வெட்டிய கார்ட்

லேசரால் வெட்டிய மெல்லிய கம்பிகள் கார்ட் பகிர்பவரின் மோட்டார் சைக்கிள் பையிலேயே முறிந்துவிடுகின்றன. விபரத்தாள் தனியாக இருப்பதால் அது விழுந்தால் வெறும் வேலிதான் மிஞ்சும். விலையும் கூட.

3. பூக்கள் நிறைந்த முழுக் கலர் கார்ட்

இப்போது அதிகம் வருவது இதுதான். தொனி மென்மையானது, எல்லா வயதினருக்கும் பிடிக்கும். சிக்கல் எழுத்தின் நிறத்தில். திரையில் மினுங்கும் ரோஸ் கோல்ட் அச்சில் மங்கிய மண்ணிறமாகவே வரும். அந்த நிறம் தனி மை அல்ல, பல மைகளின் சின்னப் புள்ளிகளைச் சேர்த்து உண்டாக்குவது. ஒரு மை மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தைச் சுற்றி நிழல் விழும். பூவைக் கலரில் விடுங்கள், எழுத்தைத் தனிக் கறுப்பு மையில் அடிக்கச் சொல்லுங்கள். பூவுக்கு மேல் எழுத்து ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் செய்தால் இந்தக் கார்ட் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடும்.

2. கடையில் வாங்கும் ஆயத்தக் கார்ட்

ஓரத்தில் வேலைப்பாடு ஏற்கெனவே இருக்கும், அச்சகம் உள்ளே ஒரே மையில் விபரம் அடித்துத் தரும். செலவு குறைவு, எழுத்தும் தெளிவு. ஆனால் எழுத்துக்கு விட்ட இடம் சின்னது. அதற்குள் இரு பக்கத்து வாப்பா உம்மா, மர்ஹூம்கள், பட்டங்கள், பதவிகள், மாமாமார் எல்லோரையும் ஏற்றும்போது திகதிதான் சுருங்குகிறது. பெயர் விடுபட்டால் கோபம் வரும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் பட்டங்களைக் குறைத்தால் பெயர்களுக்கும் இடம் கிடைக்கும், திகதிக்கும் இடம் கிடைக்கும்.

1. வெளிர் மட்டையில் ஒரே கருமையான மை

முதலிடம் பெற்ற கார்ட் 5 அங்குல அகலம், 7 அங்குல உயரம். மினுக்கம் இல்லாத ஐவரி மட்டை, மெல்லிய கோட்டு ஓரம். ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் சிங்கள, ஆங்கில நண்பர்களுக்காக ஆங்கிலம். மேலே அழைப்பவர்கள், நடுவில் பெரிதாக மணமக்கள் பெயர். அதன் கீழ் இரண்டு தனிப் பகுதிகள், இடையில் நல்ல இடைவெளி. முதலாவதில் நிக்காஹ்: கிழமை, திகதி, நேரம், பள்ளிவாசல். இரண்டாவதில் வலீமா, அதே ஒழுங்கில். ‘அஸருக்குப் பின்’ என்று மட்டும் விடாமல் மணியையும் போட்டிருந்தார்கள், அயலில் உள்ள சிங்கள, தமிழ் சகோதரர்களும் நேரத்துக்கு வருவார்கள். பெண்கள் எந்த இடத்துக்கு வரவேண்டும் என்பதும் தனி வரியில் இருந்தது. விபர எழுத்து 14 புள்ளி அளவு. தமிழில் விசிறி மேலேயும் கால் கீழேயும் போவதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாத ஒரு பெரியவரிடம் நீட்டினோம். யார், எந்த நாள், எத்தனை மணி, எங்கே என்ற நான்குக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார்.

தொனியிலும் அதற்கே முதலிடம். அதில் குர்ஆன் வசனம் அச்சிடப்படவில்லை. எங்கள் கார்ட்களில் வழக்கமாக வருவது சூரா அர்-ரூமின் 21ஆம் வசனம், அரபு எழுத்திலேயே. கலியாணம் முடிந்த மறுநாள் அந்தக் கார்ட் எங்கே கிடக்கிறது என்று வடிகானைப் பாருங்கள். மணமக்களுக்காக துஆச் செய்யுங்கள் என்ற ஒரு தமிழ் வரி போதும் என்பதே எங்கள் கருத்து.

எந்த டிசைனைத் தெரிவு செய்தாலும் அச்சகத்தில் கவனிக்க இரண்டு விடயங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், அச்சில் எழுத்தின் ஓரம் மங்கும். பிடிஎஃப் ஆக, டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். அடுத்தது எழுத்துரு. பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யூனிகோடில் அடித்ததைச் சில டிசைன் மென்பொருள்கள் சரியாகக் கோர்ப்பதில்லை, ‘கெ’ எழுத்தின் கொம்பு பின்னால் போய்விடும். அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, தலைகீழ் ஒழுங்கில் நிற்கும். டிசைனர் அரபு தெரியாதவராக இருந்தால் இது அவருடைய கண்ணில் படாது.

ஆகவே போனில் பார்த்து ‘ஓகே’ சொல்ல வேண்டாம். ஒரு பிரதியை உண்மை அளவில் தாளில் எடுத்து, வீட்டிலுள்ள மூத்தவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கிழமையும் திகதியும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியில் பாருங்கள். அவர் திக்கும் வரியைத் திருத்திய பிறகு அச்சகத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த கார்ட்களில் எதற்கு முதலிடம் கொடுப்பீர்கள்? கீழே எழுதுங்கள். பெயர், தொலைபேசி இலக்கத்தை மறைத்துவிட்டுப் படம் போடுங்கள்.

வஸ்ஸலாம்.