நல்ல காசு ஏன் ஒளிந்துகொள்கிறது?



2021 டிசம்பர். டோர்செட் பார்க்கில் எங்கட அபார்ட்மெண்ட் குசினியில் அம்மா வவுனியாவில் இருக்கிற சித்தியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தா. மாதாமாதம் அனுப்புகிற காசுதான் விஷயம். "வங்கியால அனுப்பாதேங்கோ அக்கா, உண்டியலில போடுங்கோ" என்றா சித்தி. காரணம் எளிது. வங்கியில் ஒரு அமெரிக்க டொலருக்கு 200 ரூபாய் சொச்சம். உண்டியலில் 240க்கு மேல்.

அந்த நாட்களில் எங்கட வட்டத்திலேயே சிலர், "உண்டியல்காரர் நாட்டுக்குத் துரோகம் செய்யினம்" என்றார்கள். எனக்கு அது அப்பவே உறுத்தியது. ஏன் என்று சொல்ல, முதலில் இங்கத்தைய கதை ஒன்று.

1966இல் அடித்த கனடா 25 சத நாணயத்தில் 80 வீதம் வெள்ளி. ஒரு நாணயத்தில் கிட்டத்தட்ட 0.15 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் வெள்ளி ஏறத்தாழ 1.67 கனடா டொலரைத் தாண்டினால், நாணயத்துக்குள் இருக்கிற வெள்ளியே 25 சதத்தைவிடப் பெறுமதியாகிவிடும். 1967இல் வெள்ளி விலை அந்தக் கோட்டைத் தாண்டியது. அரசு முதலில் வெள்ளியை 50 வீதமாகக் குறைத்தது, 1968இல் நிக்கலுக்கே மாறியது. கடையில் பழையதும் 25 சதம்தான், புதியதும் 25 சதம்தான். அப்போ யார் வெள்ளியைக் கொடுப்பார்கள்? நிக்கலைக் கொடுத்துவிட்டு வெள்ளியை லாச்சிக்குள் போட்டார்கள். வெள்ளி நாணயம் புழக்கத்தில் இருந்து மறைந்தது.

இதைத்தான் கிரெஷாம் விதி என்கிறோம். கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும். 16ஆம் நூற்றாண்டு லண்டன் வணிகர் தாமஸ் கிரெஷாமின் பெயரை 1858இல் மக்லியோட் என்ற பொருளியலாளர் அதற்கு வைத்தார். ஆனால் விதியை இப்படிச் சுருக்கிச் சொல்லும்போது ஒரு நிபந்தனை விடுபட்டுப் போகிறது: இரண்டு பணமும் சமம் என்று யாரோ சட்டம் போட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாத இடத்தில் நடப்பது நேர் எதிர். 2009இல் சிம்பாப்வேயில் மக்கள் தங்கட டொலரைக் கைவிட்டு அமெரிக்க டொலருக்குப் போனார்கள். அங்கே நல்ல பணம்தான் கெட்டதை விரட்டியது.

இப்போ இலங்கைக்கு வருவோம். 2021 செப்டம்பரில் இருந்து 2022 மார்ச் 7 வரை மத்திய வங்கி டொலரை 200-203 ரூபாயில் கட்டி வைத்திருந்தது. ரூபாயின் பெறுமதி அதைவிடக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே டொலர் அந்த வெள்ளி நாணயம் போல ஒளிந்தது. இந்த முறை லாச்சிக்குள் இல்லை, உண்டியலுக்குள். நாங்கள் இங்கே டொலரைக் கொடுக்கிறோம், அங்கே ஒருவர் சித்தியிடம் ரூபாயைக் கொடுக்கிறார். டொலர் நாட்டுக்குள் போவதே இல்லை. வெளியிலேயே, இறக்குமதிக்கு டொலர் தேடுகிற வியாபாரிக்கு விற்கப்படுகிறது.

வங்கி வழியாக வந்த தொழிலாளர் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் 5.5. 2022இல் 3.8. (கொரோனாவால் உண்டியல் வழிகள் அடைபட்டதும் 2020 தொகை உயர்ந்ததற்கு ஒரு காரணம்.) டிசம்பரில் மத்திய வங்கி டொலருக்கு மொத்தம் 10 ரூபாய் ஊக்கத்தொகை தந்தது. 203 என்பது 213 ஆகும், அவ்வளவுதான். 240க்கு அது காணாது.

இந்தப் பணத்தில் பெரும்பகுதி ஸ்காபரோவில் இருந்து போவதில்லை. வளைகுடாவில் வீட்டுவேலை செய்கிற பெண்களும் கட்டுமானத் தொழிலாளரும் அனுப்புவது. வங்கியால் அனுப்பச் சொன்னது, அவர்களுடைய ஒவ்வொரு டொலரிலும் 27 ரூபாய்க்கு மேல் விட்டுக்கொடுக்கச் சொன்னதற்குச் சமம். அந்த மலிவு டொலர் யாருக்குப் போனது? மருந்துக்கும் எரிபொருளுக்கும் கொஞ்சம் போனது உண்மை. ஆனால் 2022 ஜனவரி 18 அன்று, டொலர் தட்டுப்பாட்டின் நடுவிலும், சர்வதேசக் கடன்பத்திரக்காரருக்கு 500 மில்லியன் டொலர் முழுசாகக் கட்டப்பட்டது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12இல், கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது.

"அப்போ சந்தையே சரி" என்று நான் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்ததும் மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது, அந்த அடி சித்தியின் அரிசிப் பையிலும் விழுந்தது. மெதுவாக, முன்கூட்டியே இறக்கியிருக்கலாம். கடன்காரரை முன்பே பேச்சுக்கு அழைத்திருக்கலாம். இரண்டும் அரசியல் முடிவுகள்.

ஆகவே அடுத்த முறை யாராவது உண்டியலில் போட்டவரைத் துரோகி என்றால், இரண்டு கேள்வி கேளுங்கோ. விலையைக் கட்டியது யார்? கட்டிய விலையில் டொலரை வாங்கியது யார்?