நாற்றுப்பண்ணை ஒப்பந்தத்தை முறையாக முடிப்பது எப்படி?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் 18 பேர் சேர்ந்து காய்கறிக் குழு நடத்துகிறோம். குழித்தட்டுத் தக்காளி நாற்றுக்காக ஒரு நாற்றுப்பண்ணையுடன் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டு ஒப்பந்தம் போட்டோம். முன்பணமாக 20,000 ரூபாய் கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி நாற்று வரவேண்டும். ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் தாமதமாக வந்தது. ஜூலையில் வந்ததில் பாதித் தட்டு வாடியிருந்தது. பொறுக்க முடியாமல் செப்டம்பர் 15 அன்று போனில், "இனி உங்கள் நாற்றே வேண்டாம், வண்டியை அனுப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டோம். அவரோ, "மார்ச் வரை ஒப்பந்தம் இருக்கிறது, முறித்தது நீங்கள்தான், முன்பணம் திரும்ப வராது" என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் போனில் சொன்ன அந்த வார்த்தை உங்களுக்கே எதிராகத் திரும்பியிருக்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஒரு தரப்பு "இனி வேண்டாம்" என்று அடியோடு மறுத்தால், மறுதரப்பு அதையே ஒப்பந்த மீறலாகக் காட்டலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. தவறு செய்தவர் அவர். முறித்தவர் நீங்கள் என்று ஆகிவிடக் கூடாது.

இந்த வாசகர் ஒப்பந்த நகலையும் சலான்களையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். இரண்டு பக்க ஒப்பந்தம்தான். ஆனால் தேவையானது எல்லாம் அதில் இருந்தது. 3ஆம் விதிப்படி நாற்றின் வயது 25 முதல் 28 நாள்; குறித்த தேதிக்கு மேல் 2 நாள் சலுகை. 4ஆம் விதிப்படி வாடியது, வேர்க்கட்டு இல்லாதது நூற்றுக்கு 5க்கு மேல் போகக் கூடாது. 5ஆம் விதிப்படி சலுகை நாள் போக ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் பில்லில் நூற்றுக்கு 2 ரூபாய் குறைப்பு. 7ஆம் விதிப்படி முன்பணம் கடைசி பில்லில் கழியும். 8ஆம் விதிப்படி குறை எதுவானாலும் 3 நாளுக்குள் கடிதத்திலோ, ஒப்பந்தத்தில் குறித்த வாட்ஸ்அப் எண்ணிலோ தெரிவிக்க வேண்டும். 9ஆம் விதி முக்கியமானது: 3 அல்லது 4ஆம் விதி மீறப்பட்டு, மூன்று முறை எழுத்தில் தெரிவித்த பிறகு, 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம். 10ஆம் விதிப்படி அந்த முன்னறிவிப்பு பதிவுத் தபாலில்தான் போகவேண்டும்.

இப்போது எண்ணிப் பார்த்தோம். ஜூனில் 5 நாள் தாமதம். போனில் மட்டும் சொன்னார்கள், கணக்கில் வராது. ஜூலையில் 5 தட்டை எடுத்து 490 குழியை எண்ணியதில் 64 நாற்று கெட்டிருந்தது, நூற்றுக்கு 13. சலானிலேயே எழுதி வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கி, படத்தை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். இது ஒன்று. ஆகஸ்டில் 6 நாள் தாமதம். வாட்ஸ்அப்பில் எழுதியது இருக்கிறது. இது இரண்டு. செப்டம்பரில் சண்டைதான் நடந்தது, எழுத்து இல்லை. மூன்று நாள் கெடுவும் தாண்டிவிட்டது. நான்கு முறை தவறு நடந்தும் கணக்கில் நிற்பது இரண்டுதான்.

ஆகவே முதல் வேலையாக ஒரு சின்னக் கடிதம் எழுதச் சொன்னேன். "செப்டம்பர் 15 அன்று போனில் பேசியது ஒப்பந்தத்தை முடித்ததாகாது. ஒப்பந்தம் தொடர்கிறது. அக்டோபர் 10 நாற்றை விதிப்படி அனுப்பவும்." அவ்வளவுதான். நவம்பர் 10க்கு உண்டான ஆர்டரையும் வழக்கம்போல் கொடுத்தார்கள். அவர் திருந்தினால் நாற்று கிடைக்கிறது. திருந்தாவிட்டால் மூன்றாவது எழுத்து கிடைக்கிறது.

அக்டோபர் நாற்று 17ஆம் தேதி வந்தது. தட்டில் ஒட்டிய சீட்டில் விதைத்த தேதி செப்டம்பர் 14. அப்படியானால் வயது 33 நாள். சீட்டு இல்லாவிட்டாலும் முதிர்ந்த நாற்றைக் கண்டுபிடிக்கலாம். தண்டு நெடுநெடுவென்று ஒல்லியாக இருக்கும், அடியிலை மஞ்சளாகும், உருவிப் பார்த்தால் வேர் குழியின் அடியில் சுற்றிச் சுற்றிப் பழுப்பாகியிருக்கும். நட்ட பிறகு வேர் பிடிக்கத் தாமதித்து, செடி சில நாள் அப்படியே நிற்கும்.

உழுது பார் போட்ட நிலம் காத்திருந்தது. அதனால் நாற்றை எடுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அதே சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, தேதி முக்கியமான ஒப்பந்தத்தில் தாமதமாக வந்ததை ஏற்றுக்கொண்டால், ஏற்கும் நேரத்திலேயே "நட்டம் கேட்போம்" என்று தெரிவிக்காதவர் அந்தத் தாமதத்துக்குப் பிறகு நட்ட ஈடு கேட்க முடியாது. ஆகஸ்டில் இவர்கள் தாமதம் என்று எழுதினார்கள். ஈடு கேட்போம் என்று எழுதவில்லை, பில்லையும் முழுதாகக் கட்டிவிட்டார்கள். அதை விட்டுவிடச் சொன்னேன். அக்டோபரில் சலானிலேயே, "7 நாள் தாமதம், வயது 33 நாள். நிலம் தயாராக இருப்பதால் ஏற்கிறோம். 5ஆம் விதிப்படியான குறைப்பைக் கோரும் உரிமையுடன் ஏற்கிறோம்" என்று எழுதி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்கள். எழுத்து மூன்றாகிவிட்டது.

அடுத்தது முடிவு தேதி. 15 நாள் என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுக்கத் தடையில்லை. கடிதம் எழுதும் அக்டோபர் 18 அன்று, நவம்பர் 10க்கான விதை ஏற்கெனவே தட்டில் விழுந்திருக்கும். சரியாக 15 நாளில் முடித்தால் அந்த நாற்று அவர் தலையில் விழும், அவரும் நட்டக் கணக்கோடு வருவார். உங்களுக்கும் நவம்பர் நடவுக்கு நாற்று இருக்காது. புதுப் பண்ணை விதைத்துக் கொடுக்க 25 நாளாவது ஆகும். எனவே நவம்பர் 12 என்று வைத்தோம். அந்தக் கடைசி நாற்றின் பில்லில் முன்பணமும் கழிந்துவிடும், திருப்பிக் கேட்டு அலைய வேண்டியதில்லை.

குழுக் கூட்டம் கூட்டி, ஒப்பந்தத்தை முடிப்பதென்றும் தலைவர் கையெழுத்திடுவதென்றும் தீர்மானப் புத்தகத்தில் பதிந்த பிறகு அனுப்பிய கடிதம் இது:

அனுப்புநர்: தலைவர், காய்கறி உழவர் குழு.
பெறுநர்: உரிமையாளர், நாற்றுப்பண்ணை (ஒப்பந்தத்தில் உள்ள முகவரி).
நாள்: அக்டோபர் 18.
பொருள்: நாற்று வழங்கும் ஒப்பந்தத்தை 9ஆம் விதிப்படி முடித்துக்கொள்வதற்கான முன்னறிவிப்பு.
பார்வை: 1. நமது ஒப்பந்தம். 2. ஜூலை 10 சலான் குறிப்பு. 3. ஆகஸ்ட் 16 வாட்ஸ்அப் செய்தி. 4. அக்டோபர் 17 சலான் குறிப்பு. 5. குழுத் தீர்மானம்.

ஐயா,

ஒப்பந்தத்தின் விதிகள் கீழ்க்கண்டவாறு மீறப்பட்டு, ஒவ்வொரு முறையும் 8ஆம் விதிப்படி எழுத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளது.
ஜூலை 10: 490 நாற்றில் 64 கெட்டவை. 4ஆம் விதி.
ஆகஸ்ட் 16: 6 நாள் தாமதம். 3ஆம் விதி.
அக்டோபர் 17: 7 நாள் தாமதம், நாற்றின் வயது 33 நாள். 3ஆம் விதி.

ஆகவே 9ஆம் விதிப்படி இந்த முன்னறிவிப்பைத் தருகிறோம். நவம்பர் 12 மாலையுடன் ஒப்பந்தம் முடிவடையும். அதுவரை எல்லா விதிகளும் இரு தரப்புக்கும் பொருந்தும். நவம்பர் 10க்கான 300 தட்டு நாற்று விதிப்படி இருந்தால் பெற்றுக்கொள்வோம். அதன்பின் ஆர்டர் இல்லை.

அக்டோபர் பில் 35,280 ரூபாயில், சலுகை நாள் போக 5 நாளுக்குரிய 3,528 ரூபாயைக் குறைத்து 31,752 ரூபாய் செலுத்துகிறோம். முன்பணம் 20,000 ரூபாய் 7ஆம் விதிப்படி நவம்பர் பில்லில் கழிக்கப்படும். நவம்பர் நாற்று வராவிட்டால் முன்பணத்தை நவம்பர் 27க்குள் திருப்பித் தரவும்.

இப்படிக்கு, தலைவர்.

இந்தக் கடிதத்தில் "ஏமாற்றுக்காரர்", "ஊரெல்லாம் சொல்வோம்" போன்ற சொல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதி, எண்ணிக்கை, விதி எண், முடிவு நாள், பணக்கணக்கு ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். எழுத்தில் இல்லாத ஜூன், செப்டம்பர் தாமதங்களை வேண்டுமென்றே விட்டோம். நிரூபிக்க முடியாத ஒன்றைச் சேர்த்தால் மற்ற மூன்றையும் சேர்த்தே அவர் மறுப்பார்.

கடிதம் 22ஆம் தேதி அவர் கைக்குக் கிடைத்தது. நாள் கணக்கு நாம் தபாலில் போட்ட தேதியிலிருந்து அல்ல, அவருக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அப்படிப் பார்த்தாலும் 23ஆம் தேதியிலிருந்து நவம்பர் 12 வரை 21 நாள் இருக்கிறது. ஒருவேளை வாங்க மறுத்துக் கடிதம் திரும்பி வந்தால், உறையைப் பிரிக்காமல் தபால் குறிப்போடு அப்படியே பத்திரப்படுத்துங்கள். அனுப்பிய கடிதத்தின் நகலும் தபால் ரசீதும் கைவசம் இருக்கட்டும்.

நவம்பர் நாற்று 9ஆம் தேதியே வந்தது. 490இல் 17 மட்டும் கெட்டது, விதிக்குள்தான். 35,280இல் முன்பணம் போக 15,280 ரூபாய் கொடுத்து, "கணக்கு நேராகிவிட்டது" என்று இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டார்கள். டிசம்பர் 10 நடவுக்கு வேறு பண்ணையில் நவம்பர் 14 அன்று விதைத்தாகிவிட்டது.

எல்லா வழக்கும் இப்படிச் சுமுகமாக முடியாது. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு விதியே இல்லாவிட்டாலோ, முன்பணம் பெரிய தொகையாக இருந்தாலோ, எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலோ, கடிதம் போடும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோருக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.

புதுப் பண்ணையுடன் போடும் ஒப்பந்தத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முன்னறிவிப்புக் காலம் 15 நாளாக இல்லாமல் 30 நாளாக இருக்கட்டும். நாற்று வளர 25 முதல் 28 நாள் ஆகும்போது, 15 நாளில் முடியும் ஒப்பந்தம் யாராவது ஒருவரைத் தட்டும் நாற்றுமாகத் தவிக்க விட்டுவிடும்.