ஒரு பொருளுக்கு ஒரே சொல்



நமது அங்கத்தவர்கள் உள்ள ஒரு தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலைக்குப் புதிய டாங்கிகள் வந்தன. டாங்கிக்கும் அதனுடன் வந்த களைநாசினிக்கும் கைநூல் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தமிழில் வேண்டும் என்று தோட்டக் கமிட்டி கேட்டது. சில நாட்களிலேயே தமிழ்ப் பிரதி கைக்கு வந்தது. ஆங்கிலப் பக்கங்களைச் சாட்பொட்டில் போட்டு, வந்த தமிழை அப்படியே அச்செடுத்திருந்தார்கள்.

பெரட்டுக் களத்தில் அதை வாசித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. மருந்தையும் தண்ணீரையும் நன்றாகக் கலக்கச் சொல்லும் இடத்தில் “டாங்கியைக் கிளர்ச்சி செய்யவும்” என்று இருந்தது. தொழிற்சங்கத்துக்குப் பொருத்தமான கட்டளைதான் என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த பக்கத்தில், “பூச்சிக்கொல்லியைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும்” என்று வாசித்ததும் மருந்து அடிக்கும் தோழர் ஒருவர் கேட்டார்: “அண்ணே, நாங்க அடிக்கிறது புல்லு மருந்து. இது பூச்சி மருந்துக்குத்தானே சொல்லியிருக்கு?” அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவர் தமிழை வாசித்தது சரி. பிழை மொழிபெயர்ப்பில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் ‘பெஸ்டிசைட்’. அது பூச்சி மருந்து, புல்லு மருந்து, பங்கசு மருந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல். நமது நாட்டில் அதைப் பீடைநாசினி என்கிறோம். அதன் கீழே பூச்சிநாசினி, களைநாசினி, பங்கசுநாசினி என்று பிரித்துச் சொல்கிறோம். சாட்பொட் பொதுச்சொல்லுக்குப் பூச்சிக்கொல்லி என்று போட்டதால், எல்லா மருந்துக்கும் உரிய எச்சரிக்கை ஒரே ஒரு வகை மருந்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதே கைநூலின் வேறு பக்கங்களில் அதே ஆங்கிலச் சொல் ‘பீடைநாசினி’ என்றும், ‘இரசாயனம்’ என்றும், ‘மருந்து’ என்றும் வந்திருந்தது. வாசிக்கிறவர் இவை நான்கும் நான்கு பொருள் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இது ஏன் நடக்கிறது? சாட்பொட் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தந்த இடத்தில் பொருந்தக்கூடிய சொல்லைத் தேர்ந்து எழுதுகிறது. மூன்றாம் பக்கத்தில் எந்தச் சொல்லைப் போட்டோம், அதையே பதினைந்தாம் பக்கத்திலும் போட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. கதை எழுதும்போது சொல் மாறி மாறி வருவது அழகாக இருக்கலாம். கைநூலில் அது ஆபத்து. இன்னொரு காரணமும் உண்டு. இணையத்தில் உள்ள தமிழில் பெரும் பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. நாம் பாடசாலையில் ஒட்சிசன் என்று படித்ததை அங்கே ஆக்ஸிஜன் என்கிறார்கள். நமது களைநாசினி அங்கே களைக்கொல்லி. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் ஒரே கைநூலில் இரண்டும் கலந்தால் தொழிலாளிக்குத்தான் குழப்பம்.

இதற்கு மாற்று, சொற்பட்டியல் ஒன்றை நாமே வைத்திருப்பது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று முதலிலேயே முடிவு செய்து, மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது அந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தோட்டத்தின் கமிட்டி இதைச் செய்து பார்த்தது. அவர்கள் செய்த விதத்தை இங்கே சொல்கிறோம்.

முதலில் ஆங்கிலக் கைநூலை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களையும், தவறினால் உடம்புக்கு ஆபத்து வரும் சொற்களையும் மட்டும் கோடிட்டார்கள். முப்பது சொற்களுக்கு மேல் வரவில்லை. பிறகு மருந்து அடிக்கும் நான்கு பேரும், ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவரும், பாடசாலை ஆசிரியை ஒருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினார்கள். வேலைத்தலத்தில் வழங்கும் சொல் தெளிவாக இருந்தால் அதையே வைத்தார்கள். ‘நொசல்’ என்று எல்லோரும் சொல்வதைத் ‘தெளிப்பு முனை’ என்று மாற்றவில்லை. வழங்கும் சொல் இரண்டு பொருள் தந்தால் மட்டும் வேறு சொல் தேடினார்கள். நாம் எல்லாவற்றையும் ‘மருந்து’ என்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரியில் தருவதும் மருந்துதான். ஆகவே பொதுச்சொல்லாகப் பீடைநாசினியை எடுத்து, “எல்லா வகை மருந்துக்கும்” என்று பக்கத்தில் குறிப்பு எழுதினார்கள்.

சாட்பொட் “சிகிச்சையளிக்கப்பட்ட வயல்” என்று எழுதியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வயலும் இல்லை, சிகிச்சையும் இல்லை. அதை ‘மருந்து அடித்த மலை’ என்று வைத்தார்கள். காற்றில் பக்கத்து மலைக்கும் லயத்துக்கும் அடித்துச் செல்லும் துளிகளுக்கு ‘மருந்துச் சாரல்’ என்று ஒரு தோழியர் சொன்னார். அது எல்லோருக்கும் உடனே விளங்கியது. இப்படி வந்த பட்டியலின் ஒரு பகுதி:

```
pesticide = பீடைநாசினி
herbicide = களைநாசினி
insecticide = பூச்சிநாசினி
treated field = மருந்து அடித்த மலை
spray drift = மருந்துச் சாரல்
agitate = கலக்கு
flush (tea) = கொழுந்து
flush (eyes, skin) = தண்ணீர் ஊற்றிக் கழுவு
nozzle = நொசல்
tank = டாங்கி
```

‘ஃபிளஷ்’ இரண்டு வரிகளில் இருப்பதைக் கவனியுங்கள். தேயிலைக்காரருக்கு அது புதிதாக வரும் கொழுந்து. முதலுதவிப் பக்கத்தில் அது, கண்ணில் மருந்து பட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், எந்த இடத்தில் எது என்று பட்டியலே சொல்ல வேண்டும்.

பட்டியலைக் கொடுக்கும்போது, “இந்தச் சொற்களுக்கு இந்தத் தமிழையே போடு, வேறு சொல் போடாதே, பட்டியலில் இல்லாத தொழிற்சொல் வந்தால் ஆங்கிலத்திலேயே விட்டு அடையாளமிடு” என்று எழுதிக் கொடுத்தார்கள். அடையாளமிட்ட சொற்களைக் கமிட்டி மறுபடி கூடித் தீர்த்துப் பட்டியலில் சேர்த்தது. கைநூலை முழுவதுமாகப் போடாமல் இரண்டு மூன்று பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் பட்டியலை மேலே ஒட்டினார்கள். உரையாடல் நீண்டு போனால் தொடக்கத்தில் கொடுத்த பட்டியலின் பிடி தளர்ந்துவிடும். மறுநாள் புதிதாகத் தொடங்கும்போது நேற்றுச் சொன்னது அதனிடம் இருக்கும் என்றும் நம்பக் கூடாது.

அதன் பிறகுதான் முக்கியமான வேலை: சரிபார்ப்பது. ஆங்கிலப் பிரதியில் ஒரு சொல் பன்னிரண்டு இடத்தில் இருந்தால், தமிழிலும் அதற்குரிய சொல் பன்னிரண்டு இடத்தில் இருக்கிறதா என்று தேடி எண்ண வேண்டும். தமிழில் தேடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. நமது சொல் உருபு ஏற்கும்போது கடைசி எழுத்து மாறிவிடும். ‘மருந்துச் சாரல்’ என்று தேடினால் ‘மருந்துச் சாரலில்’ என்பது அகப்படாது. ஆகவே ‘மருந்துச் சார’ என்று சொல்லின் அடியை மட்டும் தேட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அந்த இடத்தில் வேறு சொல் நுழைந்திருக்கிறது, அல்லது வாக்கியமே விடுபட்டிருக்கிறது. கடைசியாக, பூச்சிக்கொல்லி, வயல், சிகிச்சை என்று விலக்கிய சொற்களையும் தேடிப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் பூச்சிக்கொல்லி மறுபடி வந்திருந்தது. பட்டியல் கொடுத்தும் அப்படித்தான். எண்ணாமல் விட்டிருந்தால் தெரிந்திருக்காது.

பட்டியலை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. நமது நாட்டு ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்றால் குளம் என்றும் பொருள். குளத்திலோ ஓடையிலோ கருவியைக் கழுவாதே என்ற எச்சரிக்கை, பட்டியலின்படி “டாங்கியிலோ ஓடையிலோ கழுவாதே” என்று வந்தது. சொல் பட்டியலில் உள்ளதுதான், பொருள் போய்விட்டது. அதேபோல் அளவுகளையும் ‘கூடாது’ என்ற சொல்லையும் எந்தப் பட்டியலும் காக்காது. மில்லிலீற்றர் எங்கே, லீற்றர் எங்கே, ‘செய்’ எங்கே, ‘செய்யாதே’ எங்கே என்று ஒருவர் ஆங்கிலத்தையும் இன்னொருவர் தமிழையும் கையில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மருந்து அடிக்கிறவர் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்து, தான் என்ன செய்ய வேண்டும் என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடம் திருத்த வேண்டிய இடம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே பட்டியல் வேண்டும். மருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்த ஒரு தோழரின் வாக்குமூலத்தைச் சாட்பொட் ஆங்கிலமாக்கியபோது, அவர் மருந்து உட்கொண்டபோது மயங்கியதாக வந்தது. அந்தக் கடிதம் அப்படியே போயிருந்தால், வேலையில் ஏற்பட்ட விபத்து அவருடைய சொந்த நோயாகியிருக்கும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் நமக்கு இருக்கிறது. ஆனால் வேலையினால் நேர்ந்தது என்று காட்டினால்தான் அது கைகொடுக்கும். “எனக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்” என்ற முறைப்பாடும் பாதிப் பெயர் எழுதியதாக ஆங்கிலத்தில் மாறியது. அரை நாள் சம்பளம் வெட்டப்பட்டது என்பதே அதில் இல்லை. நமது தோட்டச் சொற்களின் பொருளை நாம் எழுதி வைக்காவிட்டால் இயந்திரம் தெரிந்துகொள்ள வழி இல்லை.

ஆகவே நமது கோரிக்கை இது. சாட்பொட் மூலம் செய்த எந்தத் தமிழ்க் கைநூலும், தோட்டக் கமிட்டியும் அந்த வேலையைச் செய்பவர்களும் பார்த்து ஒப்பிய பிறகே மலைக்கோ ஸ்டோருக்கோ வர வேண்டும். ஏற்றுக்கொண்ட சொற்பட்டியல் அதன் முதல் பக்கத்தில் திகதியுடன் இருக்க வேண்டும். கமிட்டியின் சம்மதமின்றி அதில் ஒரு சொல்லும் மாறக் கூடாது. ஒப்பிடும் வேலைக்குப் போகும் நேரத்துக்கு முழுப்பேர் போட வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் மருந்து, கவ்வாத்து, ஸ்டோர் இயந்திரம் ஆகிய மூன்று வேலைகளிலும் வழங்கும் சொற்களைப் பொருளுடன் எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு தோட்டங்களில் இரண்டு சொல் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். எதை வைப்பது என்று கூடிப் பேசி முடிவு செய்வோம்.