மார்ச் மாச பாலிசிக்கு முன்னாடி ஒரு கணக்கு

மார்ச் வந்தாலே "ஒரு பாலிசி போடுங்க, வரி மிச்சமாகும்"னு ஃபோன் வரும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

2025-26 நிதியாண்டுல உங்க சம்பளம் 15 லட்சம்னு வைங்க. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும்தான். செஸ் சேர்த்து வரி 97,500 ரூபாய்.

இப்போ பழைய முறை. நிலையான கழிவு 50,000, 80சி-யில் முழு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டு வாடகைப் படி விலக்கு 1.2 லட்சம். ஆக 3.45 லட்சம் கழிச்சும் வரி 1,65,360 ரூபாய். அதாவது 67,860 கூடுதல்!

இந்தச் சம்பளத்துக்குப் பழைய முறை லாபமாகணும்னா மொத்தக் கழிவு 5,93,750-ஐத் தாண்டணும். மேலே சொன்னதோட வீட்டுக் கடன் வட்டி 2 லட்சத்தைச் சேர்த்தாலும் 5.45 லட்சம்தான் வருது.

அப்போ புதிய முறையில் இருக்கிறவருக்கு அந்த பாலிசியால ஒரு ரூபாய் வரிகூட குறையாது. குடும்பப் பாதுகாப்புக்குன்னா எடுங்க, வரிக்காக எடுக்காதீங்க.

சம்பளம் மாறினா இந்த எல்லையும் மாறும். வாடகையும் கடன் வட்டியும் அதிகமா இருக்கிறவங்க, வருமான வரித் துறை இணையதளத்துல இருக்கிற கால்குலேட்டர்ல ரெண்டையும் போட்டுப் பாருங்க. நீங்க ஆபீஸ்ல எதுவும் சொல்லலைன்னா புதிய முறையில்தான் டிடிஎஸ் பிடிப்பாங்க. ரிட்டர்ன் போடும்போது மாத்திக்கலாம், ஆனா கடைசித் தேதிக்குள்ள போடணும். தாமதமாச்சுன்னா பழைய முறை கிடைக்காது.