எந்த ஓட்டையை முதலில் அடைப்பது?

சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் யூனிட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செக்கிங் டேபிளின் ஓரத்தில் டேமேஜ் பீஸ்கள் குவிந்து கிடக்கின்றன. ஆர்டர் 4,750 டி-ஷர்ட். சேதாரம் வரும் என்று 50 பீஸ் கூடுதலாக வெட்டி, மொத்தம் 4,800 தைத்தாயிற்று. அந்த 50-ல் இப்போது மிச்சம் 8 தான். அடுத்த வாரமும் இதே மாடல், இதே எண்ணிக்கை. சேதாரம் இன்னும் கொஞ்சம் கூடினால் பையருக்குக் கணக்குப்படி அனுப்ப முடியாது.

"பிசிறுதான் அதிகமா வருது. பிசிறு வெட்ட இன்னும் ரெண்டு பேரைப் போட்டுரலாமுங்களா?" என்கிறார் முதலாளி. லைன் சூப்பர்வைசரோ ஆயில் கறையைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்கிறார். செக்கிங் செய்யும் அக்காவுக்கு வேறு கருத்து: "ஏன் அம்மிணி, தையல் விட்டதைப் பிரிச்சுப் பிரிச்சே எங்க கை போகுது. அதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க!"

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். அவரவர் கண்ணுக்கு எது படுகிறதோ அதைச் சொல்கிறார்கள். தீர்ப்புச் சொல்லவேண்டியவர் குவாலிட்டி பொறுப்பில் இருக்கும் இளம்பெண். அவர் கையில் இருப்பது ஒரு வாரச் செக்கிங் நோட்டு மட்டும்தான். (இங்கே வரும் எண்களெல்லாம் கணக்குப் புரிவதற்கான உதாரணம். உங்கள் யூனிட்டில் வேறு மாதிரி இருக்கும்.)

நோட்டிலிருந்து படத்துக்கு

முதல் வேலை, நோட்டில் இருக்கும் ஒவ்வொரு பதிவையும் குறையின் பெயர் வாரியாகக் கோடு போட்டு எண்ணுவது. மொத்தம் 400 குறைகள். அதிகமானதை மேலே வைத்து வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது:

- நூல் பிசிறு: 152
- தையல் விட்டது: 96
- ஆயில் கறை: 60
- ஓட்டை: 36
- அளவு மாறியது: 24
- ஷேடு வித்தியாசம்: 16
- மற்றவை: 16

இந்த எண்களை இடமிருந்து வலமாக, உயரம் குறைந்துகொண்டே போகும் பட்டைகளாக வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு பட்டைக்கும் மேலே, அதுவரை சேர்ந்த மொத்தம் எத்தனை சதவீதம் என்று ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். பிசிறு மட்டும் 38 சதவீதம். தையல் விட்டதையும் சேர்த்தால் 62. கறையையும் சேர்த்தால் 77. கடைசியில் 100. இதுதான் பரேட்டோ சார்ட்.

கம்ப்யூட்டரில் செய்வதானால், B2 முதல் B8 வரை எண்களை எழுதிவிட்டு, C2-வில் இந்த ஒரு வரியைப் போட்டு கீழே இழுத்தால் போதும்:

```
=SUM(B$2:B2)/SUM(B$2:B$8)
```

"மற்றவை" என்ற பட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் கடைசியில்தான் நிற்கவேண்டும். அது ஒரு குறை அல்ல, பல குறைகளின் மூட்டை. மூட்டை பெரிதாகிக்கொண்டே போனால் அவிழ்த்துப் பார்த்துப் புதுப் பெயர்கள் கொடுக்க வேண்டும்.

பெயர் வந்த கதை

வில்பிரெடோ பரேட்டோ இத்தாலியப் பொருளாதார அறிஞர். சொத்தும் வருமானமும் சிலர் கையில் குவிந்திருப்பதை 1890-களில் கணக்குப் போட்டுக் காட்டியவர். தையல் குறையோ தொழிற்சாலையோ அவர் ஆராய்ச்சியில் இல்லை. தரக் கட்டுப்பாட்டு நிபுணர் ஜோசப் ஜூரன்தான், தொழிற்சாலைக் குறைகளிலும் இதே போலச் சிலவே பெரும்பங்கை அடைத்துக்கொள்கின்றன என்று கண்டு, அதற்குப் பரேட்டோ பெயரைச் சூட்டினார். அந்தப் பெயரை வைத்தது தன் தவறு என்று 1975-ல் அவரே கட்டுரை எழுதி ஒப்புக்கொண்டார்.

பெயரோடு ஒட்டிக்கொண்ட "80-20" என்ற பேச்சும் சட்டமல்ல. நம் படத்தில் முதல் மூன்று குறைகள் 77 சதவீதம். இன்னொரு யூனிட்டில் எல்லாப் பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கலாம். அப்படி நின்றால், குறைகளை இந்த வகையில் பிரித்தது உதவவில்லை என்று அர்த்தம். மெஷின் வாரியாகவோ, ஷிப்ட் வாரியாகவோ பிரித்து வேறு படம் வரைய வேண்டும்.

எண்ணிக்கை ஒன்று, நஷ்டம் வேறு

இந்தப் படத்தைப் பார்த்தால் முதலாளி சொன்னதுதான் சரி என்று தோன்றும். பிசிறு முதலிடம். ஆனால் குவாலிட்டிப் பெண் இன்னொரு கேள்வி கேட்கிறார்: "ஒரு குறையைச் சரிபண்ண எவ்வளவு ஆகுது?"

ஒரு பிசிறை வெட்டக் கூலி கணக்கில் 1 ரூபாய். 152 பிசிறுக்கு 152 ரூபாய். விட்ட தையலைப் பிரித்து மறுபடி தைக்க 6 ரூபாய். ஆக 576. கறையை ஸ்பிரே கன் வைத்து எடுக்க 5 ரூபாய். ஆக 300.

ஓட்டைக்கு மாற்று இல்லை. பின்னல் துணியில் ஓர் இழை அறுந்தால் இழுக்க இழுக்க அது பெரிதாகும். 180 ரூபாய் அடக்கமான பீஸை செகண்ட்ஸ் கணக்கில் 40 ரூபாய்க்குத் தள்ள வேண்டியதுதான். ஒரு பீஸுக்கு நஷ்டம் 140. 36 பீஸுக்கு 5,040 ரூபாய்!

அளவு மாறிய 24-ல் 18 பீஸைப் பிரித்துத் தைத்து மீட்கலாம், 6 பீஸ் போனது போனதுதான். அந்தக் கணக்கு 948. ஷேடு மாறிய பாகத்தை மாற்ற 320, மற்றவை 80. ஆக மொத்தம் 7,416 ரூபாய்.

இப்போது ரூபாயை வைத்து இரண்டாவது படம் வரைந்தால், நான்காவது இடத்தில் அடக்கமாக நின்ற ஓட்டை 68 சதவீதத்தோடு முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. அளவையும் சேர்த்தால் 81. பிசிறு ஏறக்குறைய 2 சதவீதம்தான். பிசிறு வெட்ட இரண்டு பேரைப் போட்டிருந்தால், மிச்சப்படும் 152 ரூபாய்க்காக இரண்டு வாரச் சம்பளம் போயிருக்கும். கூடுதலாக வெட்டிய 50-ல் 42 பீஸைத் தின்றதும் ஓட்டையும் அளவும்தான். பிசிறு ஒரு பீஸைக்கூடத் தின்னவில்லை.

ஓட்டைக்குள் இன்னொரு படம்

ஓட்டை என்று தெரிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? அந்த 36 பீஸையும் டேபிளில் பரப்பிப் பார்க்கிறார்கள். ஓட்டை தையல் கோட்டின் மேலேயே, ஊசி இறங்கும் புள்ளியில் இருந்தால் அது ஊசி செய்த வேலை. தையலை விட்டு விலகி, துணியின் நடுவே இருந்தால் நிட்டிங்கிலேயே வந்த ஓட்டை. நோட்டில் இரண்டையும் "ஓட்டை" என்று ஒரே பெயரில் எழுதியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஊசி ஓட்டை 31, துணி ஓட்டை 5. துணியைக் கழித்தாலும் ஊசி ஓட்டையின் நஷ்டம் 4,340 ரூபாய். முதலிடம் மாறவில்லை.

அந்த 31-ஐ இடம் வாரியாகப் பிரித்தால் கழுத்துப் பட்டியில் 24, கையில் 4, பக்கவாட்டில் 3. கழுத்துப் பட்டி பூட்டுவது இரண்டு ஓவர்லாக் மெஷின்கள். பண்டில் டிக்கெட்டைப் பார்த்தால் 24-ல் 21 பீஸ் ஒரே மெஷினில் ஓடியவை.

"அண்ணே, இந்த மெஷின் ஊசியைக் கழட்டிப் பாருங்க" என்கிறார் மெக்கானிக்கிடம். அவர் ஊசியைக் கழற்றி முனையை விரல் நகத்தில் மெல்ல இழுக்கிறார். நகத்தில் கீறல் விழுகிறது. முனை மழுங்கிக் கொக்கியாகியிருக்கிறது. அத்தோடு, இந்த மெல்லிய துணிக்கு வேண்டியதைவிட ஊசி தடிமன். இழைகளை விலக்கி நடுவே இறங்கவேண்டிய ஊசி, இழையையே அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. மெல்லிய, முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி மாற்றி, ஒரு துண்டுத் துணியில் தைத்து, தையலை இரண்டு பக்கமும் இழுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார். ஓட்டை இல்லை. ஊசியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதும் அன்றே எழுதி மெஷினில் ஒட்டப்படுகிறது.

படம் எங்கே ஏமாற்றும்?

முதல் ஆபத்து நோட்டிலேயே இருக்கிறது. செக்கிங்கில் பிசிறு கண்ணில் பட்டதும் பீஸை ஓரமாக வைத்துவிட்டால், அதே பீஸில் இருக்கும் ஓட்டை பதிவாகாது. சுலபமாகத் தெரியும் குறைகளின் பட்டை வளரும், ஒளிந்திருப்பவை குட்டையாகவே தெரியும். ஒரு பீஸில் இரண்டு குறை இருந்தால் இரண்டையும் எழுதவேண்டும்.

இரண்டாவது, சின்ன எண்களை நம்பி ஓடக்கூடாது. இந்த வாரம் 24, 16 என்று நிற்கும் பட்டைகள் அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளலாம். முந்தைய வார நோட்டிலும் அதே வரிசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வைப்பது நல்லது.

மூன்றாவது, சில குறைகளுக்கு வரிசையே கிடையாது. ஒடிந்த ஊசித் துண்டு ஒரே ஒரு பீஸில் கிடைத்தாலும், படத்தின் வலது ஓரத்தில் அது தன் முறைக்காகக் காத்திருக்க முடியாது. போட்டுக்கொள்ளும் குழந்தையின் உடம்பில் குத்தும். அன்றே, அந்த நிமிடமே பார்க்கவேண்டியது அது.

அடுத்த சனிக்கிழமை

மறுவாரம் அதே 4,800 பீஸ், அதே முறையில் எண்ணிக்கை. படமும் அதே அளவுகோலில்தான் வரைய வேண்டும். இல்லாவிட்டால் பட்டை குறைந்ததா, பேப்பர் பெரிதானதா என்று தெரியாது. ஓட்டை 36-லிருந்து 11-ஆக இறங்கியிருக்கிறது. நஷ்டம் 5,040-லிருந்து 1,540. அளவு மாறிப் போனது போக, கூடுதலாக வெட்டிய 50-ல் இந்த முறை 33 பீஸ் மிச்சம்.

அந்த 11-லும் 5 துணி ஓட்டை. அதற்கு மெக்கானிக்கிடம் மருந்தில்லை, நிட்டிங் யூனிட்டுக்குத்தான் போன் போடவேண்டும். செக்கிங் அக்கா நோட்டில் புதிதாக ஒரு கோடு கிழிக்கிறார். இனி "ஊசி ஓட்டை" ஒரு கட்டம், "துணி ஓட்டை" இன்னொரு கட்டம்.

"அப்ப தையல் விட்டது எப்பங்க அம்மிணி?" என்கிறார்.

"துணிக்காரங்களுக்குச் சொல்லிட்டேங்க்கா. அடுத்து அளவு. அதுக்கப்புறம் அதுதானுங்க."