தமிழைத் தெரிவுசெய்தால் நாடும் மாறவேண்டுமா?

உலாவியில் மொழி என்பது ஒரு தெரிவு. நாடு இன்னொரு தெரிவு. தேடுபொறி மூன்றாவது. முகப்புப் பக்கம் நாலாவது. இந்த நாலும் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. ஆனால் வீட்டில் ஒரு கணினியையோ போனையோ 'செட்' பண்ணிக் கொடுக்கும்போது நாங்கள் எல்லாத்தையும் ஒரே பொட்டலமாகத்தான் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் இருந்தால் 'சரி' என்று விட்டுவிடுகிறோம். தமிழில் போட்டால் ஏதோ இந்தியாவுக்கு மாறிவிடும் என்று பயப்படுகிறோம். எங்கள் கருத்து இதுதான்: நாலையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும், அம்மா அப்பாவின் கணினியில் மொழி தமிழாகவும் நாடு இலங்கையாகவும் இருக்கவேண்டும்.

எங்களை இதை யோசிக்க வைத்தது ஒரு யப்பான் லப்டொப். கொட்டாஞ்சேனையில் எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கு 'செகண்ட் ஹாண்ட்' ஆக வந்தது. விண்டோஸும் குரோமும் முழுக்க யப்பானிய எழுத்தில். முகவரிப் பட்டையில் எதைத் தட்டினாலும் யாஹூ யப்பான் பக்கம்தான் வந்து நின்றது. அது வைரஸ் இல்லை. குரோம் காட்டும் தேடுபொறிப் பட்டியல் நாட்டுக்கு நாடு வேறுபடும். நிறுவும் நேரத்தில் கணினி எந்த நாட்டுக்கு அமைக்கப்பட்டிருந்ததோ அந்த நாட்டின் பட்டியல்தான் வரும். யப்பானின் பட்டியலில் யாஹூ யப்பான் உண்டு. பழைய சொந்தக்காரர் அதைத் தெரிவுசெய்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

வாசிக்கத் தெரியாத மொழியில் அமைப்புகளைத் தேடி அலையத் தேவையில்லை. எழுத்து எந்த மொழியாக இருந்தாலும் பக்கங்களின் முகவரி மாறாது. முகவரிப் பட்டையில் இவற்றை அப்படியே தட்டினால் நேராக அந்தந்த இடத்துக்குப் போகலாம்:

```
chrome://settings/languages
chrome://settings/search
chrome://settings/onStartup
```

முதலில் மொழி. ஏனென்றால் அது மாறினால் மற்ற எல்லாத்தையும் வாசித்துச் செய்யலாம். முதலாவது பக்கத்தில் மொழிகளின் பட்டியல் இருக்கும். புதிய மொழி சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு நீண்ட பட்டியல் திறக்கும். அதில் ஒவ்வொரு மொழியின் பெயரும் யப்பானிய எழுத்தில் இருந்தாலும், பக்கத்தில் அந்த மொழியின் சொந்த எழுத்திலும் இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த ஒரே சொல்லாக 'தமிழ்' நிற்கும். அதைச் சேர்த்த பிறகு, அதன் வரிசையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, முதலாவது பெட்டியில் சரி அடையாளம் போடவேண்டும். குரோமை அந்த மொழியில் காட்டு என்பது அதன் பொருள். பிறகு அந்த வரிசையில் ஒரு பொத்தான் தோன்றும். அதை அழுத்தினால் குரோம் மூடித் திறக்கும், தமிழில். இது விண்டோஸுக்கான வழி. மக்கில் குரோம் கணினியின் மொழியைத்தான் பின்பற்றும். பயர்பொக்ஸ் என்றால் `about:preferences` என்று தட்டவேண்டும். அங்கேயும் மொழிகள் அவற்றின் சொந்த எழுத்தில்தான் பட்டியலில் வரும்.

அடுத்தது தேடுபொறி. இரண்டாவது பக்கத்தில் மாற்றலாம். மாற்றியும் அது திரும்பத் திரும்பப் பழையபடி வந்தால் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். `chrome://extensions` பக்கத்தில் நீங்கள் போடாத நீட்சி ஏதும் இருந்தால் அதை அகற்றுங்கள். `chrome://policy` பக்கத்தில் ஏதாவது வரிகள் இருந்தால் அந்தக் கணினி ஒரு காலத்தில் ஏதோ அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இருந்திருக்கலாம். அப்படியென்றால் உலாவிக்குள் எதை மாற்றினாலும் நிக்காது. விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நல்லது.

முகப்புப் பக்கத்தில் எல்லாரும் குழம்புவதற்குக் காரணம், ஒரு பெயரில் மூன்று விடயங்கள் இருப்பது. உலாவியைத் திறந்தவுடன் வருவது ஒன்று. வீட்டுப் பொத்தானை அழுத்தினால் வருவது இன்னொன்று. புதிய தாவலில் வருவது மற்றொன்று. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறாது. "நான் மாத்தினன், ஆனா மாறேல்ல" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வேறொன்றை மாற்றியிருப்பார்கள். திறந்தவுடன் வருவதை மாற்ற மூன்றாவது முகவரிக்குப் போய், அங்குள்ள மூன்று வட்டங்களில் கடைசியைத் தெரிவுசெய்து, வேண்டிய பக்கத்தின் முகவரியைக் கொடுக்கவேண்டும்.

இதுவரை வேலை. இனித்தான் விவாதம்.

கொட்டாஞ்சேனை அம்மா தமிழில் முதலில் தேடியது தங்க விலை. செட்டியார் தெரு நடந்து போகிற தூரம், நகை ஒன்றை மீட்கும் யோசனை வேறு. வந்த பக்கங்களில் முன்னால் நின்றது சென்னை விலை. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. அங்கேயும் எட்டுக் கிராம்தான் ஒரு பவுண், இங்கேயும் அதேதான். அங்கேயும் காசு ரூபாதான். ஆனால் இந்திய ரூபா ஒன்று எங்கள் ரூபா மூன்றுக்கும் மேல். வேறு மொழியில் தவறான பக்கம் வந்தால் உடனே தெரியும். எங்கள் மொழியிலேயே தவறான நாட்டின் பக்கம் வந்தால் தெரியாது. 'ரூபாய்', 'சவரன்' என்று இருந்தால் அது அங்கத்தைய பக்கம், 'ரூபா', 'பவுண்' என்று இருந்தால் பெரும்பாலும் இங்கத்தையது. இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் கண் பிடிக்கவேண்டியிருக்கிறது.

இதற்கு மொழியைத் தமிழுக்கு மாற்றியதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. ஆங்கில உலாவியில் தமிழில் தேடினாலும் அதே பக்கங்கள் வரும். தமிழில் எழுதப்பட்ட இணையப் பக்கங்களில் தமிழ்நாட்டுப் பக்கங்களே அதிகம், அதனால்தான். முன்பு 'கூகிள் டொட் எல்கே' முகப்பில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இணைப்புகள் இருந்தன. நாட்டு முகவரி இருந்ததால் அதுதான் முடிவுகளைத் தீர்மானிக்கிறது என்று நம்பினோம். ஆனால் 2017இலிருந்தே கூகிள் முகவரியைப் பார்க்காமல், ஆள் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவுகளைத் தருகிறது. 2025 ஏப்ரலில் நாட்டு முகவரிகளை எல்லாம் பொது முகவரிக்கே திருப்பப்போவதாகவும் அறிவித்தது. எனவே நாடு என்பது இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு அமைப்பு. அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்றால் `chrome://settings/searchEngines` பக்கத்தில் புதிய தேடுபொறி ஒன்றைச் சேர்க்கலாம். மூன்று பெட்டிகள் வரும். பெயர், சுருக்கம், முகவரி. முகவரிப் பெட்டியில் இது:

```
https://www.google.com/search?q=%s&hl=ta&gl=lk
```

`%s` என்ற இடத்தில் நீங்கள் தட்டும் சொல் போய் இருக்கும். `hl` பக்கத்தின் மொழி, `gl` நாடு. இரண்டும் தனித்தனியாக நிற்பதைப் பாருங்கள். தமிழ், இலங்கை என்று இரண்டையும் ஒரே வரியில் சொல்ல முடிகிறது. பிறகு மூன்று புள்ளிகளை அழுத்தி அதையே இயல்புத் தேடுபொறியாக்கலாம்.

இது மந்திரம் இல்லை. இலங்கை இணைப்பில் இருக்கும்போது கூகிள் நாட்டைப் பெரும்பாலும் தானாகவே அறிந்துகொள்ளும். 2019இலும் 2022இலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது போட்ட வி.பி.என். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் போன்களில்தான் இந்த வரி அதிகம் உதவும். மற்றபடி தேடும்போது 'இலங்கை' என்ற சொல்லையும் சேர்ப்பதுதான் கூடிய பலன் தரும். 'கிராம உத்தியோகத்தர்', 'பிரதேச செயலகம்', 'வெட்டுப்புள்ளி' மாதிரி இங்கத்தைய சொற்களுக்கு அதுவும் தேவையில்லை. சொல்லே நாட்டைச் சொல்லிவிடும்.

எங்கள் நண்பர்களில் சிலர், கூகிளை விட்டு டக்டக்கோவுக்குப் போகவேண்டும் என்கிறார்கள். கூகிள் இயல்பாக இருப்பதற்காக 2021இல் மட்டும் 26 பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்தது என்பது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. 2024 ஓகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அது சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தார். பெரும்பாலானோர் இயல்பானதை மாற்றமாட்டார்கள் என்பதற்குத்தான் அந்தக் காசு. அந்த வாதம் எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் டக்டக்கோவின் நாட்டுப் பட்டியலில் இந்தியா இருக்கிறது, பாகிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. அங்கே போகிறவர்கள் 'எல்லா நாடுகளும்' என்பதிலேயே விடுங்கள். கிட்ட இருக்கிறது என்று இந்தியாவைத் தெரிவுசெய்தால் செட்டியார் தெரு இன்னும் தூரமாகிவிடும்.

கடைசியாக, எங்களோடு எங்களுக்கே இருக்கிற சண்டை. வெள்ளவத்தையில் அறை எடுத்துப் படிக்கிற எங்களிடம் பக்கத்து வீட்டு அன்ரிமார் "பிள்ளை, இதை ஒருக்கா பாத்துத் தாங்கோ" என்று போனைத் தருவார்கள். நாங்கள் ஆங்கிலத்திலேயே விட்டுக் கொடுப்போம். காரணம் கேட்டால் குரோமின் தமிழ் சரியில்லை என்போம். 'தேடல் இன்ஜின்' என்று எழுதியிருக்கிறது, நாங்கள் 'தேடுபொறி' என்போம். உண்மைதான். ஆனால் அது எங்கள் வசதிக்கான காரணம். திருத்துகிறவருக்கு ஆங்கிலம் லேசு, பாவிக்கிறவருக்கு இல்லை. யப்பானிய எழுத்தைப் பார்த்தபோது வீடே திகைத்தது, உடனே மாற்றினோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து அன்ரி மட்டும் திகைக்கிறா. அது பிரச்சினையாகவே எங்களுக்குத் தெரிவதில்லை.

அன்ட்ரொயிட் போனில் மொழியாகத் தமிழைச் சேர்க்கும்போது எந்த நாடு என்று கேட்கும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று வரும். இரண்டு விநாடி நின்று இலங்கையை அழுத்துங்கள். போனைத் திருப்பிக் கொடுக்க முதல், எங்கே போய் அதை மாற்றலாம் என்பதை அவையின்ர கையாலேயே ஒருதரம் செய்ய விடுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஆங்கிலத்துக்கு அவையே திரும்பட்டும். அந்த முடிவை எடுக்கவேண்டியது நாங்கள் இல்லை.